துக்கத்துல இருக்குற ஃப்ரெண்டுக்கு என்ன புக் குடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரெண்டோட அப்பா இறந்து ஒரு வாரம் ஆகுது. துக்கம் விசாரிக்கப் போறப்ப கையோட ஒரு புக் எடுத்துட்டுப் போலாமா?

இப்ப வேணாங்க. அந்த வீட்டுல இப்ப நாலு பக்கமும் சொந்தக்காரங்க படுத்திருப்பாங்க, டெத் சர்டிஃபிகேட்டுக்கு ஒருத்தர் அலைவார், காரியத்துக்கு ஐயர்கிட்டயோ சமையல்காரர்கிட்டயோ இன்னொருத்தர் பேசிட்டிருப்பார், நீங்க குடுக்குற புக்கு ஃப்ரிட்ஜ் மேல போயிடும், அப்புறம் அது யாரு குடுத்ததுன்னே தெரியாது. இந்த வாரத்துக்கு ஒரு ஃபிளாஸ்க் காபியும் பசங்களுக்கு டிபனும்தான் சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கடைசி அத்தையும் பஸ் ஏறிப் போன பிறகுதான் அந்த வீட்டுல சத்தம் அடங்கும். அப்பதான் மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக் கிடப்பாங்க, புக்குக்கான நேரம் அதுதான். உங்க ஃப்ரெண்டு வேற மதம்னா கணக்கு வேற மாதிரி இருக்கும், ஆனா நாளை எண்ணாதீங்க, "ஊர்ல இருந்து வந்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்களா"ன்னு மட்டும் கேட்டுக்குங்க.

அவ பயங்கர ரீடர். இப்ப ஒரு பக்கம் கூட ஓடலைங்குறா, படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாளாம். அப்புறம் எதுக்கு புக்கு?

இது ரொம்பப் பேருக்கு நடக்குறதுதான். தூக்கம் இல்ல, தலை முழுக்க ஆஸ்பத்திரி ஓடிட்டிருக்கு, நாலாவது பக்கத்துல வர்ற ஆளு ரெண்டாவது பக்கத்துல வந்தவனான்னு கூட ஞாபகம் நிக்காது. அதனால என்ன விஷயம்னு பாக்குறதுக்கு முன்னாடி என்ன மாதிரி புக்குன்னு பாருங்க. ஒரு பகுதி மூணு நாலு பக்கத்துல முடியணும், முன்னாடி படிச்சது ஞாபகம் இல்லாட்டியும் நடுவுல எங்க திறந்தாலும் புரியணும், படுத்துக்கிட்டு ஒரு கையில பிடிக்கிற கனம் இருக்கணும், எழுத்து பொடியா இருக்கக் கூடாது. அழுத கண்ணு எரியும், பொடி எழுத்து ஓடாது. அஞ்சு பாகம் பொன்னியின் செல்வன் செட்டை இந்த நேரத்துல தூக்கிக் குடுக்குறது எவ்வளவு நல்ல மனசோட குடுத்தாலும் ஹோம்வொர்க் மாதிரிதான்.

ஏற்கனவே அவங்க படிச்ச புக்கையே புதுசா வாங்கிக் குடுக்கலாம், இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. கதை தெரியும், யாரு சாவாங்கன்னு தெரியும், திடுக்குன்னு ஒண்ணும் வராது. காலேஜ்ல அவங்க கிழிச்சு கிழிச்சுப் படிச்ச புக்கு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அதை விட நல்ல சாய்ஸ் கிடையாது.

சிரிப்பு புக்கு குடுத்தா தப்பா நினைப்பாங்களோன்னு பயப்படாதீங்க. தேவனோட துப்பறியும் சாம்பு மாதிரி, சின்னச் சின்னக் கதை, முட்டாள்தனமா ஏதோ பண்ணி கேஸை ஜெயிக்கிற ஆளு, யாரையும் அழ வைக்காது, எங்க வேணா நிறுத்தலாம். ஆனா சிரிப்பு புக்கும் யாருக்குன்னு பாத்துதான் குடுக்கணும். பாக்கியம் ராமசாமியோட அப்புசாமி சீதாப்பாட்டி எனக்கு உயிரு, இருந்தாலும் நாப்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு அதை நான் குடுக்க மாட்டேன். வயசான ஜோடி பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட்டுக்கிட்டே இருக்கும், சண்டை போட ஆள் இல்லாம உக்காந்திருக்கவங்களுக்கு அதுதான் குத்தும்.

சரி, என் கேஸை சொல்றேன். ஃப்ரெண்டு ஸ்கூல் டீச்சர், 43 வயசு. அப்பா ஐசியூல வெண்டிலேட்டர்ல இருந்து போயிட்டார். அப்பா செல்லம். தமிழ் நல்லா படிப்பா, இங்கிலீஷும் படிப்பா. என்ன வாங்கட்டும்?

இந்த மாதிரி டீட்டெயிலோட கேட்டாதான் பதில் சொல்ல முடியும். முதல்ல எதெல்லாம் கழியுதுன்னு பாப்போம்.

இங்கிலீஷ்ல துக்கம்னாலே எல்லாரும் ஜோன் டிடியனோட "தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்" புக்கைத்தான் சொல்வாங்க, 2005ல வந்தது. 2003 டிசம்பர் 30ம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்த இடத்துலயே அவங்க புருஷன் மாரடைப்புல போயிட்டார், அதுக்கப்புறம் ஒரு வருஷம் தலைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எழுதியிருக்காங்க. அருமையான புக்கு. புருஷனோட ஷூவைத் தூக்கிக் குடுக்க முடியல, அவர் திரும்பி வந்தா ஷூ வேணுமேன்னு மனசு சொல்லுதுன்னு ஒரு இடம் வரும், துக்கத்துல இருந்தவங்களுக்கு அந்த ஒரு இடம் போதும். ஆனா அதே நேரத்துல அவங்க பொண்ணு ஐசியூல கிடக்குறா, ஆஸ்பத்திரி விவரம் புக்கு பூரா வரும். வெண்டிலேட்டர் சத்தம் இன்னும் காதுல கேக்குற உங்க ஃப்ரெண்டுக்கு இப்ப இது வேணாம். வேற ஒருத்தருக்கு, திடீர்னு துணையைப் பறிகொடுத்தவருக்கு, ஒரு ஆறு மாசம் கழிச்சு, சரியா இருக்கும்.

நம்ம ஊரு ஆர்.கே. நாராயணோட "தி இங்கிலீஷ் டீச்சர்", டீச்சருக்கு டீச்சர் கதைன்னு தோணும். அவர் மனைவி ராஜம் 1939ல டைஃபாய்டுல இறந்துட்டாங்க, அந்தக் கதையைத்தான் 1945ல நாவலாக்கினார். முதல் பாதியில நாள் கணக்கா காய்ச்சல் ஏறுறதும் இறங்குறதும், டாக்டர் வர்றதும் போறதும் வரும், ரெண்டாவது பாதியில கதாநாயகன் செத்துப் போன மனைவியோட ஆவி கூட ஒருத்தர் மூலமா பேச ஆரம்பிப்பான். சிலருக்கு அது பெரிய ஆறுதல், சிலருக்கு எரிச்சல், இன்னும் சிலர் நிஜமாவே அந்த மாதிரி ஆளைத் தேடி அலைய ஆரம்பிச்சிடுவாங்க, பணம் பிடுங்க ஆளா இல்ல. உங்க ஃப்ரெண்டு எந்த ரகம்னு நிச்சயமாத் தெரியாம குடுக்காதீங்க.

அப்ப என்ன மிச்சம்? நான் சொல்றது நா. முத்துக்குமாரோட "அணிலாடும் முன்றில்". விகடன்ல தொடரா வந்தது, ஒவ்வொரு உறவுக்கும் ஒரு சின்ன அத்தியாயம், அம்மா, அப்பா, தாத்தா, அத்தைன்னு போகும். ஒரு உக்காருல ஒண்ணு படிச்சு மூடிடலாம். எழுதினவரே சின்ன வயசுல அம்மாவைப் பறிகொடுத்தவர், ஆனா உபதேசம் பண்ண மாட்டார். இன்னொரு வசதி, அப்பா அத்தியாயத்தை இப்ப படிக்க முடியலைன்னா தாண்டிப் போயிடலாம், மத்ததுக்கு அது தடை இல்ல. எப்ப படிக்கணும்னு அவளே முடிவு பண்ணிக்குவா. குடுக்குறப்ப அதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, "உள்ள அப்பா பத்தி ஒரு பகுதி இருக்கு, இஷ்டம்னா படி". அவ பாட்டுக்கு திறந்து முதல்ல அதுலயே போய் விழக் கூடாது இல்லையா.

துக்கத்துக்கு அஞ்சு ஸ்டேஜ் இருக்குன்னு ஒரு தியரி இருக்கே, அந்த மாதிரி புக்கு யூஸ்ஃபுல்லா இருக்காதா?

குடுக்காதீங்க. முதல்ல அந்த அஞ்சு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். எலிசபெத் கூப்ளர்-ராஸ்னு ஒரு டாக்டரம்மா 1969ல "ஆன் டெத் அண்ட் டையிங்"னு ஒரு புக்கு போட்டாங்க. மறுக்குறது, கோபம், பேரம் பேசுறது, சோர்வு, ஏத்துக்கிறதுன்னு அஞ்சு நிலை. அவங்க பேசினது யார் கிட்டன்னா சாகப் போற நோயாளிங்க கிட்ட. தன்னோட சாவை எதிர்கொள்றவங்களைப் பாத்து எழுதினதை, அப்புறம் ஊரே சேர்ந்து, சாவுக்குப் பின்னாடி மிச்சமிருக்கவங்க தலையில கட்டிடுச்சு. பின்னாடி 2005ல டேவிட் கெஸ்லர் கூட சேர்ந்து துக்கத்தைப் பத்தியே அவங்க ஒரு புக்கு எழுதினாங்க, அதுல இது வரிசையாப் போற படிக்கட்டு இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா ஜனங்க மனசுல படிக்கட்டுதான் நின்னுடுச்சு.

இதனால என்ன கெடுதல்னா, படிக்கிறவங்க தன்னைத் தானே மார்க் போட ஆரம்பிச்சிடுவாங்க. "எனக்குக் கோபமே வரலையே, ஏதோ கோளாறா", "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஏத்துக்கிற ஸ்டேஜ் வரலையே". செவ்வாய்க்கிழமை சிரிச்சுட்டு புதன்கிழமை பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டு அழுறதுதான் நிஜத்துல நடக்குறது, அது எந்த ஸ்டேஜ்னு எவன் சொல்றது. இதே காரணத்துக்குத்தான் "துக்கத்தை வெல்ல இத்தனை வழிகள்", கோடு போட்டு நிரப்பச் சொல்ற ஒர்க்புக்கு, ஜெயிக்கிறது எப்படி ரகம் எதுவும் வேணாம். அவங்களுக்கு ஜெயிக்கிறதுக்கு என்ன இருக்கு இப்ப.

நாங்க சாமி நம்பிக்கை உள்ளவங்க. கீதை, கருட புராணம், பைபிள் வசனம் இதெல்லாம் குடுக்கலாமா?

அவங்க தினமும் படிக்கிறதா இருந்தா தாராளமா. பழைய பிரதி நைஞ்சு போயிருந்தா பெரிய எழுத்துல புதுசு வாங்கிக் குடுங்க. நீங்க நம்புறீங்கங்குறதுக்காக குடுக்காதீங்க. கருட புராணம் அந்தப் பத்துப் பதினாறு நாள்ல படிக்கிற வழக்கம் சில வீடுகள்ல இருக்கு, அது அவங்க குடும்பம் முடிவு பண்ண வேண்டியது. வெளியில இருந்து நீங்க வாங்கிட்டுப் போய்க் குடுத்தா, நரகத்துல எந்தப் பாவத்துக்கு எண்ணெய்க் கொப்பரைன்னு வர்ற பக்கம்தான் முதல்ல கண்ணுல படும், எங்க அப்பா எங்க இருக்காரோன்னு ஆரம்பிச்சிடும்.

இதை விட மோசம், "எல்லாம் ஒரு காரணத்தோடதான் நடக்குது", "கர்மா", "நல்லவங்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்"னு காரணம் சொல்ற புக்குங்க. இதுக்கு சி.எஸ். லூயிஸ்னு இங்கிலாந்து எழுத்தாளர் கதையே போதும். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பத்தி நிறைய எழுதினவர், 1940ல "தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்"னு ஒரு புக்கு போட்டார், கடவுள் ஏன் வலியை அனுமதிக்கிறார்னு பாயிண்ட் பாயிண்டா விளக்குவார். 1960ல அவர் மனைவி ஜாய் கேன்சர்ல போயிட்டாங்க. அடுத்த வருஷம் "எ கிரீஃப் அப்சர்வ்டு"ன்னு ரொம்பச் சின்னதா ஒண்ணு வந்துச்சு, அதுல விளக்கமெல்லாம் காத்துல போயிடுச்சு, கதவைத் தட்டினா உள்ள தாழ்ப்பாள் போடுற சத்தம்தான் கேக்குதுன்னு கடவுள் கிட்ட சண்டை போடுறார். சொந்தப் பேர்ல கூட போடல, புனைபேர்லதான் போட்டார், எழுதினது அவர்தான்னு தெரியாம, துக்கத்துக்கு நல்ல புக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் அவருக்கே அதை சிபாரிசு பண்ணியிருக்காங்க!

ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுதான். முதல் புக்கு துக்கத்துல இல்லாதவங்க படிக்க வேண்டியது. ரெண்டாவதை, நம்பிக்கை ஆடிப் போயிருக்குற, அதை வெளியில சொல்ல வெக்கப்படுற ஒரு கிறிஸ்தவ ஃப்ரெண்டுக்குக் குடுக்கலாம், வேற யாருக்காவதுன்னா யோசிச்சுக் குடுங்க.

கதைப் புக்கு வாங்குறப்ப உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? நல்ல நாவல்னு அவார்டு எல்லாம் வாங்கியிருக்கேன்னு குடுத்துட்டா?

அவார்டைப் பாத்து இந்த விஷயத்துல வாங்கவே கூடாது. இமையத்தோட "செல்லாத பணம்" 2020க்கான சாகித்ய அகாடமி வாங்கினது, எனக்கு ரொம்பப் பிடிச்ச நாவல், தீக்காயத்தோட ஜிப்மர்ல கிடக்குற ஒரு பொண்ணும் வெளியில பணத்தை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம நிக்கிற அப்பனும்தான் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து இப்பதான் வீடு திரும்பினவங்க கையில இதைக் குடுக்க முடியுமா. அதே மாதிரி புதுமைப்பித்தனோட "செல்லம்மாள்". நோயாளி மனைவியைப் பாத்துக்கிட்ட புருஷன், அவ உயிர் போறது, ராத்திரி முழுக்க உடம்போட தனியா இருக்குறது. தமிழ்ல இதைத் தாண்டின கதை கம்மி. அதனாலயேதான் இப்ப வேணாம்.

செத்த விதமும் கதையில வர்ற சாவும் ஒத்துப் போகக் கூடாது, முக்கியமா இதைப் பாருங்க. கேன்சர்ல போனவங்க வீட்டுக்கு பால் கலாநிதியோட "வென் பிரெத் பிகம்ஸ் ஏர்" எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போறாங்க, டாக்டர் ஒருத்தருக்கு நுரையீரல் கேன்சர் வந்து அவரே எழுதினது, அழகான புக்குதான், ஆனா ஸ்கேன் ரிப்போர்ட்டு, கீமோ, எல்லாம் இப்பதான் இவங்க பாத்து முடிச்சிருக்காங்க. ஆக்சிடென்ட்ல போனவங்கன்னா ரோடு விபத்து வர்ற கதை வேணாம். தற்கொலைன்னா இன்னும் கவனமா, அது கதையில சும்மா ஒரு திருப்பமா வந்தாக் கூட வேணாம், "ஏன் பண்ணிக்கிறாங்க"ன்னு ஆராய்ற புக்கும் வேணாம். அந்தக் கேள்வியைத்தான் அவங்க ராப்பகலா கேட்டுக்கிட்டிருக்காங்க.

கடையில நின்னுக்கிட்டே செக் பண்ண வழி: பின்னட்டையை நம்பாதீங்க, அது கதையை மறைக்கத்தான் எழுதுறது. கடைசி முப்பது பக்கத்தைப் படிங்க, சாவு இருந்தா பெரும்பாலும் அங்கதான் இருக்கும். அப்புறம் நடுவுல பத்து இடத்துல திறந்து ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், சுடுகாடு கண்ணுல படுதான்னு பாருங்க. முழுசா நீங்க படிக்காத நாவலைக் குடுக்காம இருக்கிறது இன்னும் சேஃப். அட்டையும் பாருங்க, "மரணம்"னு கொட்டை எழுத்துல போட்ட புக்கை ஹால்ல டீப்பாய் மேல வச்சு எப்படிங்க படிப்பாங்க, வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துப் பாப்பான்.

அப்ப இழப்பைப் பத்தின புக்கே குடுக்கக் கூடாதா? அழ வச்சிடுமோன்னு பயமா இருக்கு.

குடுக்கலாம், அழுதா தப்பு இல்ல. நோய் சாவுன்னு ஓடாம, போனவங்களைப் பத்திப் பேசுற எழுத்தா பாத்துக் குடுங்க. பெருமாள்முருகன் அவரோட அம்மாவைப் பத்தி எழுதின கட்டுரைங்க "தோன்றாத் துணை"ன்னு புக்கா இருக்கு. காட்டு வேலை, ஆடு மாடு, சமையல், கைச் சிக்கனம்னு ஒரு விவசாயப் பொம்பளையோட வாழ்க்கை கண் முன்னாடி நிக்கும். அம்மாவைப் பறிகொடுத்த ஒருத்தர் இதைப் படிச்சா, எங்கம்மாவும் இப்படித்தான் புளி உருட்டி வைப்பாங்கன்னு அவங்க அம்மா கதையை ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்குத்தான் இந்தப் புக்கு.

கவிதை பிடிச்சவங்கன்னா புறநானூறு நல்ல உரையோட ஒரு தேர்வுத் தொகுப்பு. 112வது பாட்டு, பாரி மகளிர் பாடினது, மொத்தமே அஞ்சு வரி. போன மாச பௌர்ணமிக்கு அப்பா இருந்தார், எங்க மலையும் எங்க கிட்ட இருந்துச்சு, இந்த மாச பௌர்ணமிக்கு மலையையும் எடுத்துக்கிட்டாங்க, அப்பாவும் இல்ல. அவ்வளவுதான் பாட்டு. ஆறுதல் ஒரு சொல் கிடையாது, காலம் ஆத்தும்னு கிடையாது. போன மாசத்தையும் இந்த மாசத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டுப் போயிடுறாங்க, அப்பாவைப் பறிகொடுத்தவங்க போன தீபாவளி இந்த தீபாவளின்னு மனசுக்குள்ள போடுற கணக்கும் அதேதான். ஆனா மொத்த புறநானூறையும் தூக்கிக் குடுத்துடாதீங்க, நிறையப் பாட்டு போரும் புண்ணும்தான்.

அவங்க வீட்டுல ஏழு வயசுப் பையன் இருக்கான், தாத்தா போனது. அவனுக்கு?

தாத்தா தூங்கிட்டார், சாமி கிட்ட டூர் போயிருக்கார் ரகக் கதை மட்டும் வேணாம், ராத்திரி தூங்கவே பயப்படுவான், இல்ல எப்ப வருவார்னு வாசல்லயே நிப்பான். இங்கிலீஷ் படிக்கிற பையன்னா ஜூடித் வியோர்ஸ்ட் 1971ல எழுதின "தி டென்த் குட் திங் அபௌட் பார்னி". பார்னிங்கிறது செத்துப் போன பூனை. அதைப் பத்தி நல்லதா பத்து விஷயம் சொல்லுன்னு அம்மா கேக்க, பையனுக்கு ஒன்பதுதான் கிடைக்கும், பத்தாவது தோட்டத்து மண்ணுல கிடைக்கும். படிச்சு முடிச்சா இவனும் தாத்தாவுக்குப் பத்து எண்ண ஆரம்பிப்பான். ஆனா பூனை சொர்க்கத்துக்குப் போச்சா இல்லையான்னு ஒரு வாக்குவாதம் உள்ள வரும், முடிவு சொல்ல மாட்டாங்க, அதனால முதல்ல அம்மா கையில குடுத்து அவங்க பாத்துட்டு அவனுக்குக் குடுக்கட்டும்.

முதல் பக்கத்துல என்ன எழுதுறது? கையெழுத்து மட்டும் போட்டா மொட்டையா இருக்கு.

இறந்தவர் பேரையோ உறவையோ போட்டு, நீங்க நேர்ல பாத்த ஒரு விஷயம் எழுதுங்க. "அப்பா நம்மளை ரெண்டு பேரையும் எக்ஸாமுக்கு டிவிஎஸ்ல கொண்டு விட்டுட்டு வெளியில வேப்ப மரத்தடியிலயே நின்னது ஞாபகம் வருது." இவ்வளவு போதும். "தைரியமா இரு", "இதைப் படிச்சா மனசு லேசாகும்", "அவர் ஆத்மா சாந்தியடைய" இதெல்லாம் கார்டுல அச்சடிச்சே வருது, உங்க கையெழுத்துல வேணாம். கிஃப்ட் ராப் பண்ணாதீங்க, ஜிகினா பேப்பரோட அந்த வீட்டுக்குள்ள நுழையறது நல்லா இல்ல. விலை ஸ்டிக்கரைக் கிழிச்சிடுங்க, தேதி மட்டும் போடுங்க.

குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. படிச்சாளான்னு கேக்கலாமா?

கேக்காதீங்க, "எதுவரைக்கும் வந்திருக்க"ன்னு ஜாடையாக் கூட கேக்காதீங்க. குடுக்குறப்பவே "படிக்கணும்னு இல்ல, திருப்பித் தர வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு வந்துடணும். நிறையப் பேரு வருஷ திதி நெருங்குறப்பதான் முதல் தடவை திறப்பாங்க, சிலர் திறக்காமயே வேற யாருக்கோ குடுத்துடுவாங்க, குடுத்துட்டுப் போகட்டும். கண்ணு ஓடலைன்னு சொல்ற ஆளுன்னா போய் உக்காந்து ஒரு அத்தியாயம் நீங்களே சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, சாம்பு கதை ஒண்ணு வாசிச்சு முடிக்க ரொம்ப நேரம் ஆகாது. நடுவுல அவங்க வேற பேச்சு பேச ஆரம்பிச்சா புக்கை மூடி வச்சிடுங்க.